பி.எஃப்.பில் பாதி என்று தீர்ப்பில் எழுதினால் பி.எஃப். ஆபீஸ் கொடுக்குமா?

நடுவுல அக்கா · 3 செப்டம்பர் 2025, இரவு 9.40

தங்கைக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் பரஸ்பர சம்மதத்தில் பிரிவது என்று முடிவாகிவிட்டது. சென்னை குடும்ப நீதிமன்றம். சண்டையெல்லாம் ஓய்ந்து இப்போது பணக் கணக்கு மட்டும்தான் பாக்கி. அவர்கள் பக்கத்து வக்கீல் அனுப்பிய ஒப்பந்த வரைவில் இப்படி ஒரு வரி:

"முதல் மனுதாரரின் வருங்கால வைப்பு நிதி மற்றும் பணிக்கொடையில் 50 சதவீதம், அவர் ஓய்வுபெறும்போது இரண்டாம் மனுதாரருக்குச் சேரும்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இப்போது 38 வயது. தீர்ப்பு நகலைக் காட்டினால் பி.எஃப். ஆபீஸ் இவள் பங்கை இவள் கணக்கில் போடுமா?

விவரம்: அவர் வேலையில் சேர்ந்தது 2011 ஜூன். கல்யாணம் 2016 பிப்ரவரி. ஒரு பெண் குழந்தை, 7 வயது. பாஸ்புக்கில் 31.3.2025 அன்று மொத்தம் 20,79,849. அடிப்படைச் சம்பளம் 52,000. எல்.ஐ.சி. எண்டோமென்ட் ஒன்று (10 லட்சம்), 50 லட்சத்துக்கு டெர்ம் பாலிசி ஒன்று. தங்கை தனியார் பள்ளியில் டீச்சர், அவளுக்கும் பி.எஃப். உண்டு, 2,60,000.

சேலத்து செல்வம் · 3 செப்டம்பர், இரவு 10.15

கொடுக்காது. பி.எஃப்.பை எந்தக் கோர்ட்டும் தொட முடியாது, சட்டமே அப்படி. அதனால் கணக்கிலேயே சேர்க்க முடியாது. வீடு, நகை, பேங்க் இருப்பு இதை வைத்துப் பேசச் சொல்லுங்க.

வராண்டா வக்கீல் · 4 செப்டம்பர், காலை 7.05

செல்வம் சார் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. இந்தத் தப்பை நம்பித்தான் நிறைய பேர் அஃபிடவிட்டில் பி.எஃப்.பை விட்டுவிடுகிறார்கள்.

1952-ம் வருட பி.எஃப். சட்டத்தின் 10-வது பிரிவுப்படி உறுப்பினர் கணக்கில் இருக்கும் தொகையை எழுதிக்கொடுக்கவும் முடியாது, கடன் பொறுப்புக்காக ஜப்தி செய்யவும் முடியாது. பணிக்கொடைக்கு 1972 சட்டத்தில் 13-வது பிரிவு. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 60-வது பிரிவு பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுப் பணம் எல்லாவற்றையும் ஜப்திக்கு வெளியே வைக்கிறது. ஆக, பணம் ஆபீஸில் இருக்கும்வரை உங்கள் தங்கை கையில் தீர்ப்பு இருந்தாலும் அது வாயிலோடு நிற்கும். அமெரிக்காவில் கோர்ட் உத்தரவை ஓய்வூதிய நிதிக்கே அனுப்பிப் பங்கு பிரிக்கலாம். நம்மிடம் அப்படி ஏற்பாடு இல்லை.

ஆனால் ஜப்தி செய்ய முடியாது என்பது வேறு, கணக்கில் எடுக்க முடியாது என்பது வேறு. இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் தீர்மானிக்கும்போது நீதிபதி அவருடைய வருமானத்தையும் சொத்தையும் பார்க்கிறார். 20 லட்சம் பி.எஃப். இருப்பவரும் ஒன்றும் இல்லாதவரும் ஒன்றல்ல. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தை அஃபிடவிட்டாகத் தரவேண்டும் என்று சொல்லிவிட்டது. மறைத்தால் அதற்குத் தனிப் பிரச்சினை.

இன்னொன்று. கணவன் சேர்த்ததில் பாதி மனைவிக்கு என்று, கோவாவைத் தவிர, நம் நாட்டில் சட்டம் கிடையாது. பாதி என்பது பேச்சுவார்த்தைக்குத் தொடங்குமிடம், அவ்வளவுதான்.

சேலத்து செல்வம் · 4 செப்டம்பர், காலை 8.30

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிட்டயர் ஆகும்போது என்று எழுதினால் என்ன தப்பு? அப்போது பணம் அவர் கைக்கு வந்துவிடுமே.

வராண்டா வக்கீல் · 4 செப்டம்பர், காலை 8.52

அவர் ரிட்டயர் ஆக 20 வருஷம் இருக்கிறது. அதற்குள் வேலை மாறுவார், வீட்டுக்கு என்று முன்பணம் எடுப்பார், வெளிநாடு போவார், மறுமணம் செய்வார். 2045-ல் எந்த 50 சதவீதம்? அன்றைய இருப்பிலா, இன்றைய இருப்பிலா? வரைவில் அது கூட இல்லை. இவள் எக்ஸிக்யூஷன் மனு போட்டால் முதல் கேள்வி "தொகை எவ்வளவு?" என்பதுதான்.

பணம் பேங்குக்கு வந்தபிறகு பிடிக்கலாமா என்பதிலும் உச்ச நீதிமன்றமே இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 1987-ல் ஹிங்கோரானி வழக்கில், மொத்தமாகப் பெற்ற பென்ஷன் கைக்கு வந்தபின் பாதுகாப்பு போய்விடும் என்ற பார்வை. 2008-ல் ராதே ஷியாம் குப்தா வழக்கில், பென்ஷனும் பணிக்கொடையும் கைக்கு வந்தபின்னும் தன் தன்மையை இழக்காது என்ற பார்வை. அது வங்கிக் கடன் வழக்கு. மனைவியின் ஜீவனாம்சத்தைக் "கடன்" என்று பார்க்கலாமா என்று எதிர்வாதம் வைக்க இடம் இருக்கிறது. 20 வருஷம் கழித்து அந்த வாதத்தை வைக்கும் செலவு யாருடையது?

கோமதி ர. · 4 செப்டம்பர், மதியம் 1.20

எனக்கும் இதே பிரச்சினைதான். விவாகரத்து ஆனபிறகு பென்ஷன் கிடைக்குமா? அப்பா மத்திய அரசில் இருந்தார், போன வருஷம் காலமானார். அம்மா ஏற்கெனவே இல்லை. என் கேஸ் 2022-ல் போட்டது, தீர்ப்பு இந்த மே மாசம்தான் வந்தது. பி.எஃப். ஆபீஸில் எந்தப் படிவம்?

வராண்டா வக்கீல் · 4 செப்டம்பர், மாலை 6.10

கோமதி மேடம், இங்கே பேசுவது கணவருடைய பி.எஃப்., உங்களுடையது அப்பாவின் குடும்ப ஓய்வூதியம். பி.எஃப். ஆபீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அப்பா கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். மத்திய அரசு 2017 ஜூலையில் தந்த விளக்கப்படி, அப்பா அம்மாவில் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து மனு தாக்கலாகியிருந்தால், தீர்ப்பு பின்னால் வந்தாலும் விவாகரத்தான மகள் கேட்கலாம். உங்கள் வருமான வரம்பைப் பார்ப்பார்கள். மனு தாக்கலான தேதி தெரியும்படி சான்றிட்ட நகல் எடுத்து வையுங்கள். அந்தத் தேதிதான் உயிர்.

பேரோல் பரமு · 4 செப்டம்பர், இரவு 11.30

அக்கா, உங்கள் 20,79,849-ஐப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. பாஸ்புக்கில் மூன்று கட்டம் இருக்கும். தொழிலாளர் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் பங்கு. மூன்றையும் கூட்டிவிட்டீர்களா?

அவர் சேர்ந்தது 2011 ஜூன். 2014 ஆகஸ்ட் வரை பென்ஷனுக்குப் போனது மாதம் 541. அது 39 மாதம், 21,099 ரூபாய். 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,250. இந்த மார்ச் வரை 127 மாதம், 1,58,750. மொத்தம் 1,79,849. உங்கள் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைப் பாருங்கள்.

நடுவுல அக்கா · 5 செப்டம்பர், காலை 6.15

கூட்டித்தான் போட்டேன் தம்பி! தொழிலாளர் பங்கு 11,05,000. நிறுவனம் 7,95,000. மூன்றாவது கட்டம் நீங்கள் சொன்ன அதே 1,79,849. காலங்காத்தாலே கை நடுங்குது.

பேரோல் பரமு · 5 செப்டம்பர், காலை 9.50

அப்போது பங்குக்கு வரும் தொகை 19,00,000. பென்ஷன் கட்டத்துக்கு வட்டி கிடையாது, 10 வருஷம் சர்வீஸ் ஆனபிறகு அதை மொத்தமாக எடுக்கவும் முடியாது. அது 58 வயதில் மாதப் பென்ஷனாக வரும். 15,000 பெருக்கல் 14 வருஷம் வகுத்தல் 70 என்று போட்டாலே மாதம் 3,000. பழைய 6,500 வரம்புக் காலத்துக்குக் கொஞ்சம் குறையும். இதை இன்றைக்குக் கையில் இருக்கும் பணமாகப் பேசினால் எதிர்த்தரப்பு அந்த ஒரு தப்பைக் காட்டியே மீதிக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள்.

அந்தப் பென்ஷனில் விதவைப் பென்ஷன் என்று ஒரு பகுதி உண்டு. விவாகரத்துக்குப் பிறகு தங்கைக்கு அது கிடையாது. குழந்தைக்கான பென்ஷன் 25 வயது வரை உண்டு, அதை எந்த ஒப்பந்தமும் பறிக்காது.

பாஸ்புக் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. ஒரே யு.ஏ.என்.னுக்குக் கீழே பழைய கம்பெனியின் கணக்கு எண் மாற்றப்படாமல் தூங்கலாம். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கணும். அடுத்தது, சில பெரிய கம்பெனிகள் சொந்த டிரஸ்ட் வைத்து பி.எஃப். நடத்தும். அங்கே இ.பி.எஃப்.ஓ. பாஸ்புக்கில் பென்ஷன் கட்டம் மட்டும் ஓடும், மீதி பூஜ்யமாகத் தெரியும். அதைப் பார்த்து "பணமே இல்லை" என்று நம்பி கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. கம்பெனி தரும் வருடாந்திரச் சீட்டைக் கேளுங்கள்.

சேலத்து செல்வம் · 5 செப்டம்பர், மதியம் 12.05

கல்யாணத்துக்கு முன்னாடி சேர்ந்ததைக் கழிக்கணும் இல்லையா? 31.3.2016 இருப்பு எவ்வளவோ அதை 19 லட்சத்தில் கழித்தால் முடிந்தது.

நடுவுல அக்கா · 5 செப்டம்பர், மதியம் 12.40

அது 3,20,000. கழித்தால் 15,80,000.

பேரோல் பரமு · 5 செப்டம்பர், இரவு 8.20

செல்வம் அண்ணே, அந்த 3,20,000 ஒன்பது வருஷம் சும்மா இருக்கவில்லையே. அதற்கும் வட்டி ஏறியிருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு ஆடிட்டர் இருந்தால் முதலில் இதைத்தான் பிடிப்பார்.

2016-17க்கு 8.65, அடுத்து 8.55, 8.65, 8.50, 8.50, 8.10, 8.15, 8.25, 8.25. வரிசையாகப் பெருக்கினால் ஒரு ரூபாய் ஏறக்குறைய 2.07 ஆகிறது. 3,20,000 ஆனது 6,61,000. கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தது 12,39,000. செல்வம் அண்ணன் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று லட்சத்துக்கு மேல்.

சேலத்து செல்வம் · 5 செப்டம்பர், இரவு 8.31

நான் இனி வேடிக்கை மட்டும் பார்க்கிறேன்.

வராண்டா வக்கீல் · 5 செப்டம்பர், இரவு 9.00

வேடிக்கை பார்க்க வேண்டாம், நீங்கள் கேட்பதால்தான் கணக்கு சரியாகிறது. ஆனால் ஒன்று: கல்யாணத்துக்கு முன், பின் என்று பிரிப்பதும் சட்டம் சொல்வதல்ல. நியாயமாகத் தெரிகிற ஒரு வழி, இரு தரப்பும் ஏற்றால் நல்லது.

பேரோல் பரமு · 6 செப்டம்பர், காலை 10.10

பணிக்கொடையையும் போட்டுவிடுகிறேன். கடைசி அடிப்படைச் சம்பளம் பெருக்கல் 15 வகுத்தல் 26 பெருக்கல் வருஷம். 52,000-க்கு ஒரு வருஷத்துக்கு 30,000. சர்வீஸ் 14 வருஷம் 3 மாதம். ஆறு மாதத்தைத் தாண்டினால்தான் அடுத்த வருஷமாக எடுப்பார்கள், அதனால் 14. மொத்தம் 4,20,000. அதில் கல்யாணத்துக்குப் பின் வந்தது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 2,80,000.

இது வேலையை விட்டால்தான் வரும். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனால் குறையவும் கூடும். "இன்னும் கைக்கு வராத பணத்தில் எப்படிப் பங்கு?" என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் சம்பளம் ஏறும்போது பழைய வருஷங்களுக்கும் சேர்த்து ஏறும், அதனால் இன்றைய கணக்கு குறைவான கணக்கு. இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டும் என்று முழுசாக எடுப்பவர்களும் உண்டு, பாதியாக வெட்டுபவர்களும் உண்டு.

பழைய ஏஜென்ட் · 7 செப்டம்பர், மாலை 4.45

இன்ஷூரன்ஸ் பற்றி யாருமே பேசவில்லையே. எண்டோமென்ட் பாலிசியை அவர்கள் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள்?

நடுவுல அக்கா · 7 செப்டம்பர், மாலை 5.30

அவர் 2,88,000 என்கிறார், வருஷம் 36,000 வீதம் எட்டு வருஷம் கட்டியது. தங்கை 10 லட்சம் என்கிறாள், பத்திரத்தில் அப்படித்தானே இருக்கிறது?

பழைய ஏஜென்ட் · 7 செப்டம்பர், மாலை 6.02

இரண்டும் இல்லை அம்மா. 10 லட்சம் என்பது அவர் போய்ச்சேர்ந்தாலோ முதிர்வு வந்தாலோ பேசுகிற எண். 2,88,000 என்பது கட்டிய காசு, அதில் முதல் சில வருஷத்தின் பெரும்பகுதி செலவிலும் கமிஷனிலும் கரைந்திருக்கும் (அதில் கொஞ்சம் என்னைப் போன்றவர்களிடம்). இன்றைய மதிப்பு என்பது சரண்டர் மதிப்பு. கிளைக்குப் போய் பாலிசி எண்ணைக் கொடுத்து, சரண்டர் கொட்டேஷன் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பாலிசிதாரர்தான் கேட்கணும். அதே தாளில் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். பிரியப் போகிறவர்கள் பாலிசி மேல் கடன் வாங்கி வைப்பது நிறைய நடக்கும்.

நடுவுல அக்கா · 12 செப்டம்பர், மதியம் 3.15

கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தார். சரண்டர் மதிப்பு 2,05,000. கடன் 60,000, வட்டி 4,000. நிகரம் 1,41,000. கடன் வாங்கினதை இதுவரை சொல்லவே இல்லை, ஏஜென்ட் ஐயா வாய்க்கு சர்க்கரை போடணும். இதை நிறுத்திக் காசாக்குவதா, வைத்துக்கொள்வதா?

பழைய ஏஜென்ட் · 12 செப்டம்பர், இரவு 7.40

சரண்டர் செய்ய வேண்டாம். பாலிசியை அவரே வைத்துக்கொண்டு, 1,41,000 அவர் பங்கில் வந்ததாகக் கணக்கு எழுதட்டும். தங்கை பெயருக்கு வேண்டுமானால் அசைன்மென்ட் செய்யலாம், ஆனால் பிரீமியம் யார் கட்டுவது என்று அடுத்த சண்டை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அசைன்மென்ட் போட்டால் பழைய நாமினேஷன் தானாக ரத்து.

டெர்ம் பாலிசிக்கு சரண்டர் மதிப்பு இல்லை, பிரிக்கும் கணக்கில் அது பூஜ்யம். ஆனால் குழந்தைக்கு அதுதான் பெரிய விஷயம். அப்பா மாதா மாதம் கொடுக்கப் போவதாக எழுதுகிறார்கள் இல்லையா, அவர் நாளைக்கே இல்லை என்றால் அந்த மாதக் காசு எங்கே இருந்து வரும்?

வராண்டா வக்கீல் · 12 செப்டம்பர், இரவு 9.15

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். 1874-ம் வருட மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தில் 6-வது பிரிவு. அதன் கீழ் எடுத்த பாலிசி மனைவி, குழந்தைகளுக்கான டிரஸ்ட் மாதிரி. அப்பாவின் கடன்காரர் தொட முடியாது, அப்பாவே மனசு மாறினாலும் பெயரை மாற்ற முடியாது. மற்ற இடங்களில் இந்துக்களுக்கு 1923-ல்தான் இந்த வசதி வந்தது. பழைய சென்னை மாகாணத்தில் 1913 முடிந்ததுமே வந்துவிட்டது.

பழைய ஏஜென்ட் · 12 செப்டம்பர், இரவு 9.50

ஆனால் இருக்கிற பாலிசியை அதற்கு மாற்ற முடியாது. எடுக்கும்போதே அந்தப் படிவம் இணைக்கணும். அதனால் குழந்தை பெயரில் புதுசாக ஒன்று எடுப்பதானால் தீர்ப்புக்கு முன்னாடி எடுங்கள். சட்டத்தில் வார்த்தை "மணமான ஆண்". விவாகரத்தானவர் குழந்தைகளைப் பயனாளியாகப் போட்டு எடுப்பதைக் கம்பெனிகள் ஏற்கத்தான் செய்கின்றன, இருந்தாலும் வார்த்தை நம் பக்கம் இருக்கும்போதே முடிப்பது நல்லது.

தனிக்கட்டை42 · 14 செப்டம்பர், இரவு 11.55

குறுக்கே ஒரு கேள்வி. எனக்கு 2021-ல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கு வரை பி.எஃப்., எல்.ஐ.சி. எதிலும் நாமினியை மாற்றவில்லை. விவாகரத்து ஆனதும் தானாக ரத்தாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாதா?

பேரோல் பரமு · 15 செப்டம்பர், காலை 7.30

ஆகாது சார். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட நாமினேஷன்தான் கல்யாணத்தால் செல்லாமல் போகும். விவாகரத்தால் எதுவும் தானாக நடக்காது. ஆபீஸுக்கு உங்கள் தீர்ப்பு தெரியவே தெரியாது. நாளைக்கு ஏதாவது ஆனால் அவர்கள் பதிவில் இருக்கிற பெயரைத்தான் பார்ப்பார்கள். பி.எஃப்.புடன் சேர்த்து இ.டி.எல்.ஐ. காப்பீடு 7 லட்சம் வரை இருக்கிறது, அதுவும் அதே பெயருக்குப் போகும். உங்கள் அம்மா கோர்ட்டுக்குப் போய் நிற்கணும்.

போர்ட்டலில் நுழைந்து `Manage > E-Nomination`. பழையதைத் திருத்த வேண்டாம், புதிதாகப் போட்டாலே கடைசியாகப் போட்டது செல்லும். பெயர், பங்கு சதவீதம், கடைசியில் ஆதார் ஓ.டி.பி. கையெழுத்து. அந்தக் கையெழுத்து முடியாமல் விட்டால் சேமித்த மாதிரித் தெரியும், ஆனால் செல்லாது. பி.டி.எஃப். இறக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

போர்ட்டலில் நீங்கள் இன்னும் "திருமணமானவர்" என்றுதான் இருப்பீர்கள். அதை மாற்ற ஜாயின்ட் டிக்ளரேஷன், தீர்ப்பு நகல் இணைக்கணும், கம்பெனி ஒப்புதல் தரணும். நாமினேஷனை அதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

வராண்டா வக்கீல் · 15 செப்டம்பர், காலை 8.45

பி.எஃப். திட்டத்தில் ஒரு வேடிக்கை. பெண் உறுப்பினர் கணவரைக் குடும்பத்திலிருந்து விலக்க வேண்டுமென்றால் கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆண் உறுப்பினர் மனைவியை விலக்க வேண்டுமென்றால், அவளுக்கு ஜீவனாம்ச உரிமை போய்விட்டது என்று நிரூபிக்கணும். அக்காவின் தங்கை தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. தன் பி.எஃப்.பில் இருந்து அவரை இன்றைக்கே விலக்கலாம்.

எல்.ஐ.சி. பக்கம் இன்னும் தெளிவில்லை. 1983-ல் சர்பதி தேவி வழக்கில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுக்குக் கொடுக்கும் ஆள் மட்டுமே என்றார்கள். 2015 திருத்தத்தில் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று வந்தது. எடுக்கும்போது மனைவி, சாகும்போது முன்னாள் மனைவி. எந்த நாளைப் பார்ப்பது? இரண்டு பக்கமும் வாதாடலாம். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் தீர்கிற விஷயத்துக்கு வாதம் எதற்கு?

தனிக்கட்டை42 · 15 செப்டம்பர், இரவு 10.20

பி.எஃப். முடித்துவிட்டேன். அம்மா 100 சதவீதம். நாளைக்கு எல்.ஐ.சி. கிளை.

நடுவுல அக்கா · 20 செப்டம்பர், காலை 11.00

இதுவரை வந்த எண்களை ஒரு தாளில் போட்டேன். சரியா பாருங்க.

அவர் பக்கம்: பி.எஃப். 12,39,000, பணிக்கொடை 2,80,000, எல்.ஐ.சி. 1,41,000. சேர்த்து 16,60,000. தங்கை பக்கம் அவள் பி.எஃப். 2,60,000, எல்லாம் கல்யாணத்துக்குப் பின் வந்தது. இரண்டும் சேர்த்து 19,20,000, பாதி 9,60,000. அவளிடம் ஏற்கெனவே 2,60,000 இருப்பதால் அவர் தரவேண்டியது 7,00,000.

வராண்டா வக்கீல் · 20 செப்டம்பர், மதியம் 12.30

கணக்கு சரி. இதை ஒப்பந்தத்தில் எழுதும்போது "பி.எஃப்.பில் பாதி" என்ற வார்த்தையே வரக்கூடாது. "நிரந்தர ஜீவனாம்சமாக மொத்தம் 7,00,000 ரூபாய்" என்று தொகை மட்டும். எந்தப் பையில் இருந்து எடுக்கிறார் என்பது அவர் பாடு. வீட்டுக்கடன் டாப்-அப், நகை, பேங்க், எதுவாகவும் இருக்கட்டும்.

எப்போது கொடுப்பது என்பதில் கவனம். பரஸ்பர சம்மதத்தில் மனு போட்டதும் முதல் கட்டம், ஆறு மாதம் கழித்து இரண்டாம் கட்டம். 2017-ல் அமர்தீப் சிங் வழக்குக்குப் பிறகு, நீண்டநாள் பிரிந்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் முழுப் பணமும் முதலிலேயே கைமாறினால் அவருக்கு ஆபத்து, தீர்ப்புக்குப் பிறகு என்றால் இவளுக்கு ஆபத்து. முதல் கட்டத்தில் 2 லட்சம், இரண்டாம் கட்டத்தன்று நீதிபதி முன்னால் 5 லட்சம் டி.டி. என்று வைப்பது வழக்கம். டி.டி. எண், தேதி, வங்கிப் பெயர் வாக்குமூலத்தில் பதிவாகணும். டி.டி. மூன்று மாதத்தில் காலாவதியாகும், வாய்தா தள்ளிப்போனால் புதுசு வாங்கணும்.

அவர் தவணை கேட்டால் பி.எஃப்.பை ஈடாக வைக்காதீர்கள், அது ஈடே அல்ல. 25-வது பிரிவிலேயே அசையாச் சொத்தின் மேல் பொறுப்பு ஏற்ற வழி இருக்கிறது. வீடு இருந்தால் அதைக் கேளுங்கள். குழந்தைக்கான மாதச் செலவு தனிப் பத்தி. "இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்" என்ற வரி தங்கைக்கு மட்டும்தான் பொருந்தும், குழந்தையின் உரிமையை அம்மா எழுதிக்கொடுக்க முடியாது.

சேலத்து செல்வம் · 20 செப்டம்பர், மதியம் 1.10

வேடிக்கை பார்க்கிறேன் என்றாலும் ஒன்று கேட்கிறேன். அந்த 5 லட்சத்துக்கு அவர் பி.எஃப்.பிலேயே முன்பணம் எடுக்கலாமே?

பேரோல் பரமு · 20 செப்டம்பர், மதியம் 2.00

முன்பணக் காரணங்களில் வீடு, நோய், படிப்பு, திருமணம் எல்லாம் உண்டு. விவாகரத்து இல்லை. "திருமணம்" என்று டிக் போட்டு விவாகரத்துக்குப் பணம் எடுத்தார் என்ற பெயர் வேண்டாம்.

பேரோல் பரமு · 14 அக்டோபர், காலை 9.05

மேலே நான் எழுதியதற்குத் திருத்தம். நேற்று வாரியம் 13 வகை முன்பணத்தையும் மூன்றாகச் சுருக்கி முடிவெடுத்திருக்கிறது. அதில் "சிறப்புச் சூழ்நிலை" என்ற வகைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 25 சதவீதம் இருப்பாக விடணும். ஆனால் வாரிய முடிவு நேற்று, போர்ட்டலில் வருவது என்றைக்கோ. டி.டி. தேதியை இதை நம்பிக் குறிக்காதீர்கள்.

நடுவுல அக்கா · 9 நவம்பர், இரவு 8.30

முதல் கட்டம் முடிந்தது. பணிக்கொடையில் அவர் பிடிவாதம், பாதியாக வெட்டி 1,40,000 என்று எடுத்தோம். அதனால் 7,00,000 ஆனது 6,30,000. அதில் 2 லட்சம் டி.டி. வந்துவிட்டது. குழந்தை பெயரில் 1874 சட்டப்படி புது டெர்ம் பாலிசி, மருத்துவப் பரிசோதனை முடிந்து பத்திரத்துக்குக் காத்திருக்கிறோம். வருஷா வருஷம் பிரீமியம் ரசீது அனுப்பணும் என்று ஒரு வரி சேர்த்தோம்.

சேலத்து செல்வம் · 9 நவம்பர், இரவு 8.50

1,40,000-ஐ விட்டதற்குப் பதில் 70,000தானே குறைந்தது, சரியான கணக்குதான். இந்தத் தடவை நான் சரிபார்த்துவிட்டேன்.

பேரோல் பரமு · 24 நவம்பர், காலை 10.40

21-ம் தேதியிலிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. பணிக்கொடைக் கணக்கின் 15/26 அப்படியே இருக்கிறது, ஆனால் "ஊதியம்" என்பதன் வரையறை மாறிவிட்டது. படிகள் பாதிக்கு மேல் போனால் மிச்சம் ஊதியத்தில் சேரும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்த கம்பெனிகளில் பணிக்கொடை ஏறும். இனி இந்த இழையைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் சம்பளச் சீட்டின் முழுப் பட்டியலையும் வைத்துப் போடுங்கள். அக்கா வீட்டுக் கணக்கு பழைய வரையறைப்படி போட்டது.

நடுவுல அக்கா · 24 நவம்பர், மதியம் 1.15

மறுபடி திறக்க வேண்டுமா தம்பி?

வராண்டா வக்கீல் · 24 நவம்பர், மாலை 6.30

கையெழுத்தான தொகையை இதற்காகத் திறந்தால் அவரும் எதையாவது திறப்பார். விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். தங்கையிடம் கேளுங்கள், முடிவு அவளுடையது.

தனிக்கட்டை42 · 26 நவம்பர், இரவு 11.10

பி.எஃப்., எல்.ஐ.சி. இரண்டும் முடித்தேன் என்று நிம்மதியாக இருந்தேன். இன்றைக்கு எச்.ஆர். பழைய ஃபைலைத் துழாவி ஒரு மஞ்சள் தாளை நீட்டினார்கள். பணிக்கொடைக்கு 2013-ல் நான் கையால் எழுதிக்கொடுத்த எஃப் படிவம். முழுப் பங்கும் அவள் பெயரில். இது எந்தப் போர்ட்டலிலும் இல்லை, அந்த ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது. மாற்றுவதற்கு எச் படிவம் வாங்கிவந்திருக்கிறேன். சாட்சி இரண்டு பேர் கேட்கிறது, நாளைக்குக் கேன்டீனில் பிடிக்கணும்.